இருமொழி ஒப்பந்தத்தில் இரண்டு பிரதிகளும் முரண்பட்டால் எது செல்லும்?

வாசகர் கேள்வி: நாங்கள் பொதியும் இயந்திரங்கள் செய்யும் சிறு நிறுவனம். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு மொத்தம் 4 லட்சம் டாலருக்கு இரண்டு இயந்திரங்களை விற்றோம். ஒப்பந்தம் ஆங்கிலத்திலும் அவர்கள் மொழியிலும் பக்கத்துக்குப் பக்கமாக இருக்கிறது. இரண்டுக்கும் சம அதிகாரம் உண்டு என்று கடைசி ஷரத்து சொல்கிறது. 1 லட்சம் டாலர் விலையுள்ள சிறிய இயந்திரத்தை அனுப்ப 12 வாரம் தாமதமாகிவிட்டது. ஆங்கிலத்தில், தாமதமான சரக்கின் விலையில் வாரத்துக்கு 0.5 சதவீதம் இழப்பீடு என்று உள்ளது. அவர்கள் மொழியில் ‘ஒப்பந்த விலையில்’ 0.5 சதவீதம் என்று இருப்பதாகச் சொல்லி, இறுதித் தவணையில் 24,000 டாலரைப் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் கணக்குப்படி 6,000 டாலர்தான் வரும். ஒப்பந்தத்தை முதலில் ஆங்கிலத்தில்தான் எழுதினோம். எது செல்லும்? அடுத்த ஒப்பந்தத்தில் ‘ஆங்கிலமே மேலோங்கும்’ என்று எழுதினால் போதுமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

இரண்டு பிரதிகளுக்கும் சம அதிகாரம் என்று எழுதிக் கையெழுத்திட்ட பிறகு, ஆங்கிலம் என்பதற்காக ஆங்கிலப் பிரதியோ, வாங்குபவரின் மொழி என்பதற்காக அவருடைய பிரதியோ தானாக வென்றுவிடாது. இரு தரப்பும் உண்மையில் எதற்கு ஒப்புக்கொண்டார்கள் என்பதே அப்போது கேள்வியாகிறது. இரண்டு வாசகங்களும் அந்தக் கேள்விக்கான சான்றுகளாக மட்டுமே நிற்கும். சம அதிகார ஷரத்து பெரும்பாலும் மரியாதைக்காக, பேச்சுவார்த்தை முடியும் நேரத்தில் யார் மனமும் நோகக் கூடாது என்று சேர்க்கப்படுவது. அது முரண்பாட்டைத் தீர்க்கும் ஷரத்து அன்று, தீர்ப்பதைத் தள்ளிவைக்கும் ஷரத்து என்பதே என் கருத்து.

ஆகவே, ஒப்பந்தத்தில் நீங்கள் முதலில் தேட வேண்டியது மொழி ஷரத்தை அன்று, எந்த நாட்டுச் சட்டம் ஒப்பந்தத்துக்குப் பொருந்தும் என்று சொல்லும் ஷரத்தை. முரண்பட்ட பிரதிகளை எப்படிப் படிப்பது என்ற விதி அந்தச் சட்டத்திலிருந்துதான் வரும். வழக்கு எந்த மொழியில் நடக்கும், எந்த மொழி வாசகம் மேலோங்கும், எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்பவை மூன்றும் வெவ்வேறு கேள்விகள். நடுவர் தீர்ப்பாயம் ஆங்கிலத்தில் விசாரிக்கும் என்று எழுதியிருந்தால், ஆங்கில வாசகத்துக்கு முன்னுரிமை கிடைத்துவிட்டதாகப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. விசாரணை மொழி, வாதங்களும் ஆவணங்களும் எந்த மொழியில் தரப்பட வேண்டும் என்பதை மட்டுமே முடிவு செய்கிறது.

இருவரும் என்ன எழுதிக்கொண்டாலும் அதை மீறி நிற்கும் கட்டாயச் சட்டம் ஏதேனும் உண்டா என்பதையும் தொடக்கத்திலேயே பார்த்துவிட வேண்டும். சவூதி அரேபியாவின் தொழிலாளர் சட்டம், வேலை ஒப்பந்தத்தில் அரபியோடு வேறொரு மொழியையும் பயன்படுத்தினால் அரபி வாசகமே செல்லும் என்று சொல்கிறது. அங்கே வேலைக்குச் செல்பவர் கையிலுள்ள ஆங்கிலப் பிரதியில் என்ன எழுதியிருந்தாலும் இதுதான் நிலை. இந்தோனேசியாவில் 2009 ஆம் ஆண்டின் 24 ஆம் எண் சட்டம், அந்நாட்டு நிறுவனமோ குடிமகனோ ஒரு தரப்பாக உள்ள ஒப்பந்தங்களில் இந்தோனேசிய மொழியைப் பயன்படுத்த வேண்டும் என்று விதித்தது. ஆங்கிலத்தில் மட்டுமே எழுதப்பட்ட ஒரு கடன் ஒப்பந்தம் செல்லாது என்று 2013 இல் மேற்கு ஜகார்த்தா நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பிறகு 2019 இல் வந்த அதிபர் ஆணை, இரு பிரதிகளும் இருக்கும்போது எது மேலோங்கும் என்பதைத் தரப்பினர் தாங்களே ஒப்புக்கொள்ளலாம் என்று தெளிவாக்கியது. இயந்திர விற்பனை போன்ற வணிக ஒப்பந்தங்களில் பல நாடுகள் தரப்பினரின் விருப்பத்துக்கே விட்டுவிடுகின்றன. ஆனாலும் வாங்குபவரின் நாட்டில் இப்படி ஒரு விதி இருக்கிறதா என்று அந்நாட்டு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. இருந்தால் கீழே நான் சொல்லும் வாதங்கள் பலவும் அடிபட்டுப் போகும்.

அப்படி விதி ஏதும் இல்லை என்று வைத்துக்கொண்டு மேலே செல்வோம். சம அதிகாரமுள்ள பிரதிகள் முரண்பட்டால் எல்லாச் சட்டங்களும் ஒரே வழியில் போவதில்லை. தனியார் சட்ட ஒருமைப்பாட்டுக்கான சர்வதேச நிறுவனமான யூனிட்ரா வெளியிட்டுள்ள வணிக ஒப்பந்தக் கோட்பாடுகளின் 4.7 ஆம் பிரிவு, ஒப்பந்தம் முதலில் எந்தப் பிரதியில் எழுதப்பட்டதோ அந்தப் பிரதியின் பொருளுக்கு முன்னுரிமை தருகிறது. உங்களுக்கு இது சாதகமான விதி. ஆனால் இந்தக் கோட்பாடுகள் எந்த நாட்டின் சட்டமும் அல்ல. ஒப்பந்தம் அவற்றைக் குறிப்பிட்டிருந்தால் பொருந்தும், அல்லது நடுவர்கள் வழிகாட்டுதலாக எடுத்துக்கொண்டால் உதவும். சீனக் குடியியல் சட்டத்தின் 466 ஆம் பிரிவில் முதற்பிரதிக்கு இத்தகைய முன்னுரிமை எதுவும் சொல்லப்படவில்லை. சம அதிகாரமுள்ள பிரதிகளின் சொற்கள் ஒரே பொருள் உடையவை என்று அந்தப் பிரிவு முதலில் கொள்கிறது. அவை ஒத்துவராதபோது ஒப்பந்தத்தின் தொடர்புள்ள ஷரத்துகள், அதன் தன்மை, நோக்கம், நல்லெண்ணம் ஆகியவற்றைக் கொண்டு பொருள் காணச் சொல்கிறது. ஆக, ‘முதலில் ஆங்கிலத்தில்தான் எழுதினோம்’ என்ற உங்கள் வாதம் ஓரிடத்தில் கிட்டத்தட்ட வழக்கையே முடித்துவைக்கும். இன்னோரிடத்தில் அது பல சான்றுகளில் ஒன்றாக மட்டுமே எண்ணப்படும்.

பொருந்தும் சட்டத்தைத் தேடும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் நாடும் வாங்குபவரின் நாடும் சர்வதேசச் சரக்கு விற்பனை குறித்த 1980 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையில் சேர்ந்திருந்தால், ஒப்பந்தத்தில் அதை விலக்கி எழுதாதவரை அது தானாகவே பொருந்தும். எந்த மொழிப் பிரதி மேலோங்கும் என்று அந்த உடன்படிக்கை சொல்லவில்லை. ஆனால் ஒரு தரப்பின் சொற்களுக்குப் பொருள் காணும்போது பேச்சுவார்த்தைகளையும், தரப்பினருக்கு இடையே நிலவிய வழக்கங்களையும், பின்னர் அவர்கள் நடந்துகொண்ட விதத்தையும் கருத வேண்டும் என்று அதன் 8 ஆவது பிரிவு கூறுகிறது. இது உங்கள் மின்னஞ்சல்களுக்கு நேரடியாகக் கதவைத் திறக்கும் விதி. இங்கிலாந்துச் சட்டம் மட்டும் பொருந்துமானால் நிலைமை மாறுகிறது. ஒப்பந்தத்துக்கு முந்தைய பேச்சுவார்த்தையை, அதில் உள்ள சொற்களின் பொருளைக் காண்பதற்கான சான்றாக அங்கே பொதுவாக ஏற்பதில்லை. இருவரும் ஒன்றை எண்ணி ஆவணம் வேறொன்றைச் சொல்லிவிட்டது என்று காட்டி, ஆவணத்தையே திருத்தித் தருமாறு நீதிமன்றத்தைக் கேட்கும் வழி வேண்டுமானால் உண்டு. அதற்குத் தேவைப்படும் சான்று கனமானது.

இனி உங்கள் ஷரத்துக்கே வருகிறேன். இரண்டு பிரதிகளும் உண்மையிலேயே முரண்படுகின்றனவா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். வாங்குபவர் சொன்ன மொழிபெயர்ப்பை நம்பிவிடாதீர்கள். இந்தத் தகராறில் எந்தப் பங்கும் இல்லாத, ஒப்பந்த மொழியில் பயிற்சியுள்ள ஒரு மொழிபெயர்ப்பாளரிடம் அந்த ஒரு வரியை மட்டும் கொடுக்காமல் முழு ஒப்பந்தத்தையும் கொடுங்கள். வரையறைகள் பகுதியில் ‘ஒப்பந்த விலை’ என்பதற்கு அவர்கள் மொழியில் எந்தத் தொடர் பயன்பட்டிருக்கிறது, தாமத இழப்பீட்டு ஷரத்திலும் அதே தொடர்தான் வருகிறதா, அல்லது வெறும் ‘விலை’ என்ற பொருள்படும் சொல் வருகிறதா என்று எழுத்துமூலம் கேளுங்கள்.

அந்தப் பதில் எவ்வளவு தூரம் விஷயத்தைத் திருப்பும் என்பதற்கு ஒரு பழைய வழக்கு உதவும். 1924 இல் மாவ்ரோமாட்டிஸ் வழக்கில், ஆங்கிலம், பிரெஞ்சு என்ற சம அதிகாரமுள்ள இரு வாசகங்களில் ஒன்று விரிந்த பொருளும் மற்றது குறுகிய பொருளும் தருவதாக வாதம் எழுந்தது. நிரந்தர சர்வதேச நீதிமன்றம், இரண்டு வாசகங்களோடும் இசைந்துபோகக்கூடிய குறுகிய பொருளையே ஏற்றது. அது நாடுகளுக்கிடையிலான ஆவணம் பற்றிய வழக்கு, அதுவும் அந்த ஆவணத்தின் சூழலை ஒட்டிச் சொல்லப்பட்டது. ஆகவே வணிக ஒப்பந்தத்தின் மேல் அது எந்த நீதிமன்றத்தையும் கட்டுப்படுத்தாது. ஆயினும் இரண்டையும் பொய்யாக்காத ஒரு பொருள் கிடைக்கும்போது அதை எடுத்துக்கொள்வது நடுவர்களுக்கு இயல்பாகவே தோன்றும் வழி.

தாமத ஷரத்தில் வெறும் ‘விலை’ என்று மட்டும் இருந்தால், எதன் விலை என்பதை அவர்கள் பிரதி சொல்லாமல் விட்டிருக்கிறது, ஆங்கிலப் பிரதி சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். அங்கே முரண்பாடே இல்லை. ஒன்று மற்றொன்றின் இடைவெளியை நிரப்புகிறது, 1 லட்சம் டாலரில் வாரம் 500 வீதம் 12 வாரத்துக்கு 6,000 டாலர் என்ற உங்கள் கணக்கே நிற்கும். மாறாக, வரையறையில் 4 லட்சம் டாலர் என்று குறிக்கப்பட்ட அதே தொடர் இங்கும் வந்திருந்தால், வாரம் 2,000 வீதம் 24,000 என்று அவர்கள் போட்ட கணக்குக்கு அவர்கள் பிரதியில் முழு ஆதாரம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்க முடியாத நேர்முரண் அது. அப்போது நோக்கத்தையும் சான்றுகளையும் நாடுவதைத் தவிர வேறு வழியில்லை.

நோக்கம் பற்றிய வாதத்தில் உங்களுக்குத் துணையாக நிற்கக்கூடியவை ஒப்பந்தத்தின் மற்ற ஷரத்துகள். இரண்டு இயந்திரங்களுக்கும் தனித்தனி விலை, தனித்தனி அனுப்பும் தேதி, தனித்தனி இன்வாய்ஸ் என்று இருந்து, பகுதி பகுதியாக அனுப்பலாம் என்றும் அனுமதித்திருந்தால், தாமதத்தையும் இயந்திரவாரியாக எண்ணுவதே ஒப்பந்தத்தின் அமைப்போடு பொருந்துகிறது என்று சொல்லலாம். சரியான தேதியில் சேர்ந்த 3 லட்சம் டாலர் இயந்திரத்துக்கும் சேர்த்துத் தண்டம் விதிப்பதாக ஒரு ஷரத்து அமைந்தால், அது வியப்பான ஏற்பாடு. ஆனால் எதிர்த்தரப்பு சொல்லப்போவதையும் இப்போதே கேட்டு வையுங்கள். இரண்டும் ஒரே உற்பத்தி வரிசையின் பகுதிகள், சிறியது வராததால் பெரியதும் 12 வாரம் சும்மா கிடந்தது, அதனால்தான் முழு விலையின் மேல் இழப்பீடு கேட்டோம் என்பார்கள். இயந்திரங்கள் உண்மையில் அப்படி ஒன்றையொன்று சார்ந்தவை என்றால் நோக்க வாதம் அவர்கள் பக்கம் சாய்ந்துவிடும். இதற்கான விடை சட்டத்தில் இல்லை, உங்கள் பொறியாளரிடம் இருக்கிறது. நேர்மையாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சான்றுகளைப் பொறுத்தவரை, ஆங்கில வரைவு முதலில் பிறந்தது என்று நீங்கள் சொன்னால் போதாது, காட்ட வேண்டும். முதல் வரைவு இணைக்கப்பட்ட மின்னஞ்சல், தாமத இழப்பீட்டு ஷரத்தில் இரு தரப்பும் செய்த திருத்தங்கள் குறிக்கப்பட்ட கோப்புகள், ‘இதை எங்கள் மொழியில் பெயர்த்து அனுப்புகிறோம்’ என்று அவர்கள் எழுதிய கடிதம் ஆகியவற்றைத் தேதி வரிசையில் எடுத்து வையுங்கள். பேச்சுவார்த்தை முழுக்க ஆங்கில வாசகத்தின் மேலேயே நடந்து, பெயர்ப்பு கடைசி நேரத்தில் சேர்ந்தது என்று தெரிந்தால், முதற்பிரதி விதி இல்லாத சட்டத்திலும் அதற்கு எடை உண்டு. பெயர்ப்பைச் செய்தது அவர்கள்தானா என்பதும் முக்கியம். தெளிவற்ற வாசகத்தை, அதை முன்வைத்தவருக்கு எதிராகப் பொருள் கொள்ளும் விதி பல சட்டங்களில் உண்டு. யூனிட்ரா கோட்பாடுகளின் 4.6 ஆம் பிரிவும் அதைத்தான் சொல்கிறது. பெயர்ப்புக்கு நீங்கள்தான் ஏற்பாடு செய்தீர்கள் என்றால் அதே விதி உங்கள் மேல் திரும்பும்.

தாமதம் தொடங்கிய பிறகு அவர்கள் எழுதிய முதல் கடிதத்தைத் தேடிப் படியுங்கள். வாரத்துக்கு 500 டாலர் என்ற கணக்கில் அவர்களே எங்கேனும் எழுதியிருந்தால், அல்லது சிறிய இயந்திரத்தை மட்டும் குறித்து இழப்பீடு கேட்டிருந்தால், பின்நடத்தையைச் சான்றாக ஏற்கும் சட்டத்தில் அந்த ஒரு கடிதம் எந்த மொழியியல் விளக்கத்தையும்விட வலிமையானது. நீங்கள் 24,000 டாலரை ஒப்புக்கொள்வதுபோல் ஏதும் எழுதிவிட்டீர்களா என்பதையும் அதே கண்ணோடு பாருங்கள்.

உடனே செய்ய வேண்டியது, பிடித்தத்தை ஏற்கவில்லை என்று ஒரு கடிதம் அனுப்புவது. அறிவிப்புகள் எந்த மொழியில், எந்த முகவரிக்கு, எந்த வழியில் போக வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்கிறதோ அப்படியே அனுப்புங்கள். 6,000 டாலரை ஒப்புக்கொண்டு, மீதி 18,000 டாலரைக் கேட்டு, ஆங்கில ஷரத்தின் எண்ணைக் குறிப்பிட்டு, இரு பிரதிகளையும் சேர்த்துப் படித்தாலும் இதே பொருள்தான் வருகிறது என்று எழுதுங்கள். ‘உங்கள் பிரதி தவறு’ என்று எழுத வேண்டாம். அப்படி எழுதினால் நேர்முரண் இருப்பதை நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். எல்லை தாண்டிய நடுவர் விசாரணையின் செலவோடு ஒப்பிட்டால் 18,000 டாலர் சிறிய தொகை என்பதால், ஆவணங்கள் கைக்கு வந்ததும் பேசித் தீர்ப்பதையே நான் விரும்புவேன். வரையறை அவர்களுக்குச் சாதகமாக இருந்து, இயந்திரங்களும் ஒன்றையொன்று சார்ந்தவை என்று தெரியவந்தால், நடுவில் எங்கோ ஒரு தொகைக்கு இணங்குவது தோல்வி அன்று.

அடுத்த ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்டீர்கள். ‘ஆங்கிலமே மேலோங்கும்’ என்ற ஒரு வரி சம அதிகார ஷரத்தைவிட எவ்வளவோ மேல். ஆனால் அந்த வரியே அவர்கள் மொழிப் பிரதியில் என்ன சொல்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா என்பதுதான் என் முதல் கேள்வி. ஒவ்வொரு பிரதியும் தன் மொழியே மேலோங்கும் என்று சொல்லும்படி ஒப்பந்தம் அமைந்துபோவது நகைச்சுவைபோல் தோன்றும், ஆனால் நடக்கும். மாதிரிப் படிவத்திலிருந்து நகலெடுத்து, மொழியின் பெயரை மட்டும் மாற்ற மறந்தால் போதும். இரு பிரதிகளும் ஒத்திருக்கின்றன என்று ஆவணமே சொல்லிக்கொள்வதும் காப்பாற்றாது. 1889 இல் இத்தாலியும் எத்தியோப்பியாவும் செய்துகொண்ட வுச்சாலே உடன்படிக்கை இதற்குச் சான்று. அதன் 17 ஆவது ஷரத்தில், பிற நாடுகளோடு தொடர்புகொள்ள எத்தியோப்பியப் பேரரசர் இத்தாலியின் உதவியைப் பெறலாம் என்று அம்ஹாரிக் பிரதியும், பெற்றே ஆக வேண்டும் என்ற பொருளில் இத்தாலியப் பிரதியும் இருந்தன. அந்தத் தகராறு 1896 இல் அட்வா போரில் போய் முடிந்தது. உங்களுக்கு அவ்வளவு தூரம் போகாது, கவலை வேண்டாம்.

இரண்டாவது சிக்கல் நுட்பமானது, அனுபவமுள்ள வழக்கறிஞர்களும் சில நேரம் கவனிக்காதது. மேலோங்கு மொழி ஷரத்துகள் பெரும்பாலும் ‘முரண்பாடு ஏற்பட்டால்’ என்று தொடங்கும். அப்படியானால் முரண்பாடு இருப்பதாக நிரூபித்த பிறகுதான் ஷரத்தே வேலை செய்யும். மேலே நாம் உங்களுக்காக எடுத்த வாதத்தையே எதிர்த்தரப்பு எடுக்கலாம்: முரண்பாடு ஒன்றுமில்லை, எங்கள் பிரதி கூடுதலாக ஒன்றைச் சொல்கிறது, ஆங்கிலம் மௌனமாக இருக்கிறது, மௌனமும் பேச்சும் எப்படி முரணாகும் என்பார்கள். ஒரு பிரதியில் மட்டும் இருக்கும் விதிவிலக்கு, ஒரு பிரதியில் மட்டும் இருக்கும் காலக்கெடு எல்லாம் இந்த இடுக்கில்தான் நுழைகின்றன. இதை அடைக்க, இன்னொரு மொழி வாசகத்துக்குச் சட்ட வலிமையே இல்லை என்று எழுதிவிட வேண்டும். இரு பிரதிகளிலும் ஒரே பொருளில் இப்படி அமையலாம்: ‘இந்த ஒப்பந்தத்தின் ஆங்கில வாசகம் மட்டுமே தரப்பினரைக் கட்டுப்படுத்தும். மற்ற மொழி வாசகம் படிக்கும் வசதிக்காக மட்டுமே தரப்படுகிறது. ஒப்பந்தத்துக்குப் பொருள் காண அது பயன்படுத்தப்படாது. இந்த ஒப்பந்தத்தின் எந்தத் திருத்தமும் ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திடப்பட்டால் மட்டுமே செல்லும்.’ உள்ளூர் மொழிப் பிரதியைக் கட்டாயமாக்கும் நாடுகளில் இந்த அளவுக்கு எழுதுவதே அந்தச் சட்டத்தோடு மோதக்கூடும். அங்கே, கட்டாயச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு ஆங்கிலம் மேலோங்கும் என்று எழுதி, உள்ளூர்ப் பிரதியை உங்கள் சொந்தச் செலவில் சரிபார்க்க வேண்டும்.

வாங்குபவர் இதற்கு இணங்காமல், தன் மொழிதான் மேலோங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால், மீண்டும் சம அதிகாரத்துக்குத் திரும்புவதைவிட அவருடைய மொழியை ஏற்றுக்கொள்வேன். கேட்பதற்கு இது விட்டுக்கொடுப்பதுபோல் இருக்கும். ஆனால் ஒரே வாசகம் கட்டுப்படுத்தும் என்று உறுதியானால், கையெழுத்துக்கு முன்பே அதைத் தேர்ந்த ஒருவரிடம் கொடுத்துப் பெயர்த்து, என்ன ஒப்புக்கொள்கிறோம் என்று தெரிந்துகொள்ளலாம். அதன் செலவு முன்கூட்டியே தெரிந்த தொகை. விலை, காலக்கெடு, இழப்பீடு, அதன் உச்சவரம்பு ஆகிய எண் சார்ந்த ஷரத்துகளை மட்டுமாவது, பெயர்த்ததை மறுபடியும் ஆங்கிலத்துக்கு வேறொருவரைக் கொண்டு பெயர்க்கச் சொல்லி ஒப்பிடுங்கள். இழப்பீட்டு ஷரத்தோடு ஒரு கணக்கு உதாரணத்தையும் எண்களாகவே சேர்த்துவிடுங்கள்: ‘1,00,000 டாலர் விலையுள்ள பொருள் 2 வாரம் தாமதமானால் இழப்பீடு 1,000 டாலர்.’ உங்கள் ஒப்பந்தத்தில் இந்த ஒரு வரி இருந்திருந்தால், எந்த மொழிப் பிரதியை எடுத்தாலும் 6,000 என்ற விடைதான் வந்திருக்கும்.